ஜொள்ளு எப்போது தொடங்கியது?

வீட்டில் இருக்கும்போது ஒரு 'மியாவ்' சொல்லவே யோசிக்கிற பூனை, காரில் ஏற்றியதும் வேறு பிராணியாகிவிடுகிறது. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வரும் அந்தக் குரலைக் கேட்டு, சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பைக்காரர் எதோ குழந்தை அழுகிறது என்று திரும்பிப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் தாடை நனைகிறது, மார்பு ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறது, கேரியரில் விரித்த துணி சொதசொதவென்று ஆகிறது. கிளினிக் இருப்பதோ நாலு கிலோமீட்டரில்.

இந்த அமர்க்களத்துக்குப் பயந்தே தடுப்பூசியை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பூனைன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டுக்கும் தேவையில்லை. ஆனால் என்ன செய்யலாம் என்று தேடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜொள்ளு எப்போது தொடங்கியது? வண்டி நகர்வதற்கு முன்னா, பின்னா? கிளினிக்கில் மருத்துவர் கேட்டால் பெரும்பாலானவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. சிகிச்சையோ இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

ஏனென்றால் காரில் பூனைக்கு நேர்வது ஒரு கஷ்டமல்ல, இரண்டு. ஒன்று காதிலிருந்து வருவது, மற்றது பயத்திலிருந்து வருவது.

காதிலிருந்து வருவதை முதலில் பார்ப்போம். நமக்கு இருப்பதைப் போலவே பூனையின் உள்காதிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவை. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள், உடம்பு முன்னே பின்னே, மேலே கீழே போவதைச் சொல்கின்றன. கேரியருக்குள் இருக்கும் பூனையின் கண்ணுக்குத் தெரிவது அசையாத ஒரு பிளாஸ்டிக் சுவர். காதோ குலுங்குகிறோம், வளைகிறோம், நிற்கிறோம் என்று ஓயாமல் தகவல் அனுப்புகிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது மூளைத்தண்டில் இருக்கும் வாந்திக்கான பகுதி தூண்டப்படுகிறது. எச்சில் சுரப்பை இயக்கும் நரம்பணுக்களும் மூளைத்தண்டில்தான் இருக்கின்றன. அதனால் வாந்தி வருவதற்கு வெகு முன்பே வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிடுகிறது. மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது நமக்கு வாயில் நீர் ஊறுவதும் இதே வேலைதான். நாம் அதை விழுங்கிச் சமாளிக்கிறோம். பூனையும் முதலில் விழுங்கத்தான் பார்க்கும். உதட்டை நக்கும், திரும்பத் திரும்ப விழுங்கும், பிறகு முடியாமல் வழியவிடும். நாலு கிலோமீட்டர் பயணத்தில் வாந்தி வரைக்கும் போக நேரம் இருப்பதில்லை. அதனால்தான் 'வாந்தியே எடுக்கலையே, அப்புறம் என்ன குமட்டல்' என்று ஏமாந்துபோகிறோம். வாந்தி எடுக்காத பூனைக்கும் குமட்டல் இருக்கும். ஜொள்ளே அதற்குச் சாட்சி.

பயத்தின் கதை வேறு. பெரும்பாலான வீட்டுப் பூனைகளுக்குப் பயணம் என்றால் ஒரே அர்த்தம்தான். பரணில் கிடந்த கேரியர் இறங்குகிறது, யாரோ பிடித்துத் திணிக்கிறார்கள், ஊசி குத்தப்படுகிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படியே நடந்தால், கேரியரின் கதவு கிரீச்சிடும் சத்தமே போதும். பயந்த பூனையும் கத்தும், மூச்சு வாங்கும், சிறுநீர் கழித்துவிடும். சில பூனைகள் பயத்தினாலேயே ஜொள்ளும் விடும். அடையாளங்கள் இப்படிக் கலந்துகிடப்பதால் அடையாளத்தை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. நேரத்தை வைத்துச் சொல்லலாம்.

எங்கள் மாடிவீட்டு அக்காவின் பூனை பட்டு இதற்கு நல்ல உதாரணம். மூன்று வயது, நாலு கிலோ, ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை. கிளினிக் போய்ச்சேர கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் போய் இறங்கும்போது கழுத்துவரை நனைந்திருக்கும். 'தண்ணியில முக்கி எடுத்த மாதிரி வர்றா தம்பி, எனக்கே பாவமா இருக்கு' என்பார் அக்கா. மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தார். ஒரே நாளில் அல்லாமல், சில நாள் இடைவெளி விட்டு மூன்று கட்டமாகப் பார்க்கச் சொன்னார்.

முதல் கட்டம், கேரியரில் வைத்து, கதவைச் சாத்தி, ஹாலிலேயே பத்து நிமிஷம். பட்டு கத்தினாள். ஜொள்ளு இல்லை. அடுத்தது, நிழலில் நிறுத்திய காரில், எஞ்சினும் ஏசியும் ஓட, பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்க, பத்து நிமிஷம். கத்தல் கூடியது, உடம்பைத் தரையோடு தட்டையாக்கிக்கொண்டாள், அப்போதும் வாய் உலர்ந்தே இருந்தது. கடைசியில் தெருவை ஒரு சுற்று. முதல் வேகத்தடையைத் தாண்டியதும் கத்தல் சட்டென்று நின்றது. அக்கா சந்தோஷப்பட்டார். ஆனால் உதட்டை நக்குவது அப்போதுதான் ஆரம்பித்தது. திரும்பி வரும் வழியில் ஜொள்ளு கோடாக இறங்கியது. வீட்டுக்கு வந்து கேரியரைத் திறந்துவிட்டதும் கொஞ்ச நேரத்தில் அது நின்று, பட்டு சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் போய்விட்டாள்.

இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்து சொல்வது இது: கத்தல் பயம், ஜொள்ளு குமட்டல். இரண்டும் ஒரே பூனையில், ஒரே பயணத்தில். கத்தல் நின்றதும் பூனை அமைதியாகிவிட்டது என்று நினைப்பதுதான் இதில் பொதுவாக நடக்கும் தவறு. குமட்டல் முற்றிய பூனை பல சமயம் கத்துவதில்லை. தலையைத் தொங்கப்போட்டு, அசையாமல், விழுங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். உங்கள் பூனைக்கு ஹாலிலேயே ஜொள்ளு வந்துவிட்டால் அது பெரும்பாலும் பயம். வண்டி ஓடும்போது மட்டும் வந்து, நின்றபின் அடங்கினால் பெரும்பாலும் குமட்டல்.

பயத்துக்கு முதல் மருந்து கேரியர்தான். அது பரணில் இருக்கக் கூடாது. ஹாலிலோ படுக்கையறை மூலையிலோ, கதவைக் கழற்றிவிட்டு, பூனை வழக்கமாகப் படுக்கும் பழந்துணியை உள்ளே போட்டு, ஒரு சாமானாகவே கிடக்க வேண்டும். மேல்பாதியைத் தனியே கழற்றக்கூடிய கெட்டி பிளாஸ்டிக் கேரியர் வாங்குவது நல்லது. முதலில் கீழ்ப்பாதியை மட்டும் படுக்கையாகப் பழக்கலாம். கிளினிக்கிலும் பூனையை இழுத்து வெளியே எடுக்காமல், மூடியைக் கழற்றி, அந்தத் துணிமேலேயே வைத்துப் பார்த்துவிடலாம். கட்டைப்பையும் அட்டைப்பெட்டியும் வேண்டவே வேண்டாம். அட்டை நனைந்தால் அடி விட்டுவிடும், ரோட்டில் ஓடிய பூனையைப் பிடிப்பது லேசல்ல.

பிறகு பழக்குவது. சாப்பாட்டுத் தட்டை முதலில் கேரியருக்குப் பக்கத்தில், பிறகு வாசலில், பிறகு உள்ளே. உள்ளே நின்று நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கியபின் கதவை மாட்டி, சில நொடி சாத்தித் திறப்பது. அப்புறம் தூக்கி நாலு அடி நடந்து இறக்குவது. அப்புறம் நின்ற கார், எஞ்சின் ஓடும் கார், தெருமுனை வரை ஓட்டம். ஒவ்வொரு படியும் பூனைக்குப் பிடித்த ஒரு தின்பண்டத்தோடு முடிய வேண்டும். பொரித்த மீன் துண்டை உப்பு, மிளகாய் இல்லாமல் எடுத்துவைத்தால் போதும். எந்தப் படியில் சாப்பிட மறுக்கிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். தின்ன மறுப்பது அடமல்ல, பயத்தின் அளவுகோல்.

இதெல்லாம் பலன் தருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 22 பூனைகளை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்டது. பாதிப் பூனைகளுக்கு ஆறு வாரத்தில் 28 முறை கேரியர் பயிற்சி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் காரில் கூட்டிப்போய்ச் சோதித்ததில், பயிற்சி பெற்றவை பயணத்தில் குறைவாகவே பதறின, மருத்துவர் பார்க்கும் நேரமும் குறைந்தது. ஆறு வாரம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிஷம்தான். ஆனால் நாளைக்குத் தடுப்பூசி என்று இன்றைக்கு ஆரம்பித்தால் இது நடக்காது.

கேரியரை மெல்லிய துணியால் மூடினால் பல பூனைகள் அடங்கிவிடுகின்றன. காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கன்னத்தைத் தேய்க்கும்போது பூனை விடும் மணத்தைப் போலச் செயற்கையாகச் செய்த ஸ்ப்ரேக்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பூனைமேல் அடிக்காமல், ஏற்றுவதற்குக் கால்மணி நேரம் முன்பு துணியில் அடித்து, ஆல்கஹால் நெடி போனபிறகு பூனையை விட வேண்டும். சில பூனைகளுக்கு உதவும், சிலவற்றுக்கு ஒன்றும் தெரியாது. காசு வீணாகலாம், கெடுதல் இல்லை.

இனி குமட்டல். இதற்குக் கேரியர் பழக்கம் மட்டும் போதாது, காது பழகிக்கொள்வது அவ்வளவு சுலபமல்ல. ஆனால் குலுக்கலைக் குறைக்க முடியும். கேரியரை மடியிலோ டிக்கியிலோ வைக்காதீர்கள். முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் ஆடாமல் பொருந்தினால் அதுவே நல்ல இடம். பொருந்தாவிட்டால் பின்சீட்டில், அடியில் மடித்த துண்டை வைத்துச் சமமாக்கி, சீட்பெல்ட்டால் கட்டுங்கள். சீட் பின்பக்கம் சரிந்திருப்பதால் துண்டு வைக்காத கேரியர் சாய்ந்தே கிடக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் பூனை சறுக்கும். வேகத்தடையில் ஊர்ந்து ஏறி இறங்குவதும், சட்டென்று பிரேக் போடாமல் இருப்பதும் டிரைவர் கையில். ஆட்டோ என்றால் குலுக்கலும் சத்தமும் கூடுதல், ஆனாலும் கேரியரைக் காலடியில் வைத்து இரண்டு கணுக்காலால் அணைத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் முன்பக்கம் தொங்கவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசம்.

சாப்பாட்டு விஷயத்தில் பயணத்துக்கு நாலு மணி நேரம் முன்பே தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதானால் விடிகாலை ஐந்தோடு சாப்பாடு முடிய வேண்டும். ஆனால் குட்டிகளை அதிக நேரம் பட்டினி போடக் கூடாது. 'எதற்கும் நேற்றிரவே நிறுத்திவிட்டேன்' என்று குண்டுப் பூனைகளை நாள்முழுக்கப் பட்டினி போடுவதும் ஆபத்து. பூனையின் கல்லீரல் நீண்ட பட்டினியைத் தாங்காது, கொழுப்பு படிந்து நோயாகிவிடும். பழக்கும்போது கொடுக்கும் தின்பண்டம் நின்ற வண்டியில்தான், ஓட்டம் தொடங்கும் படிக்கு வந்ததும் அதை வீடு திரும்பியபின் கொடுங்கள்.

இதற்கெல்லாம் அடங்காத குமட்டலுக்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவர்கள் இப்போது அதிகம் நம்புவது மாரோபிடன்ட். மூளையின் வாந்திப் பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் ஒரு வேதிப்பொருளை, அது போய்ச்சேரும் இடத்திலேயே தடுத்துவிடுகிற மருந்து இது. பூனைகளில், கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில், வண்டிக் குமட்டலால் வரும் வாந்தியை இது குறைப்பதாக 2008-ல் ஆய்வு வெளியானது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். இதற்கு எல்லைகளும் உண்டு. வாந்தியை நிறுத்தும் அளவுக்குக் குமட்டலை நிறுத்தும் என்று சொல்ல முடியாது, பயத்தை இது தொடவே தொடாது. மாத்திரை நாய்களை நினைத்துச் செய்யப்பட்டது என்பதால் பூனைக்கு எவ்வளவு உடைத்துக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பயத்துக்கு இன்று பரவலாக எழுதித் தருவது காபாபென்டின். மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அதே மருந்து. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 பூனைகளுக்கு ஒரு தடவை இந்த மருந்தும், இன்னொரு தடவை போலி மருந்தும், கேரியரில் ஏற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கொடுத்துப் பார்த்தார்கள். எது எந்த நாள் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. மருந்து கொடுத்த நாளில் பூனைகள் குறைவாகவே பதறின. நடை தள்ளாடுவதும் தூங்கி வழிவதும் இதன் பக்கவிளைவு, சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை மொட்டைமாடி, பால்கனி, உயரமான அலமாரி எதிலும் ஏறவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள வயதான பூனைகளுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ப்ரீகாபாலினை, பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே வாய்வழித் திரவமாக ஐரோப்பாவும், 2024-ல் அமெரிக்காவும் அனுமதித்திருக்கின்றன.

மருந்து கொடுக்கும்போது ஒரு சின்ன சிக்கல் வரும். கசப்பான எதையும் வாயில் வைத்ததும் பூனை நுரைநுரையாக எச்சிலைத் தள்ளும். மாத்திரை நாக்கில் கரைந்துவிட்டால் வீட்டிலேயே பத்து நிமிஷம் ஜொள்ளு வடியும். அது குமட்டலும் அல்ல, மருந்து ஒத்துக்கொள்ளாததும் அல்ல, கசப்பு மட்டும்தான். ஆனால் பாதி மருந்து எச்சிலோடு வெளியே போயிருக்கும். ஒரு சிட்டிகை மீன் மசியலிலோ வெண்ணெயிலோ பொதிந்து கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

நாம் பஸ்ஸில் போகும்போது போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. கொடுக்காதீர்கள். அவற்றில் பல, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுத்து வேலை செய்கின்றன. பூனையின் வண்டிக் குமட்டலில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. பூனைக்குத் தூக்கம் வரும், குமட்டல் அப்படியே இருக்கும். கூடவே, வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். முன்பெல்லாம் பயணத்துக்கு அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தைக் கொடுப்பார்கள். அது உடம்பைத்தான் கட்டிப்போடும், உள்ளே பயம் குறைவதில்லை. தனியாக இதை மட்டும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எல்லா ஜொள்ளும் வண்டியால் வருவதல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியும் வழிந்துகொண்டே இருந்தால், அல்லது பயணமே இல்லாத நாளிலும் வழிந்தால், பல் ஈறு நோயோ, வாய்ப்புண்ணோ, நஞ்சோ இருக்கலாம். நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடும் பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு ஜொள்ளோடு நடுக்கமும் வரும், அது அவசரம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, கண்மணி இடவலமாகத் துடிப்பது, வட்டமாகவே நடப்பது ஆகியவை காது அல்லது மூளைக் கோளாற்றின் அறிகுறிகள். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் முக்கியம். நாயைப் போல் வாயைத் திறந்து இரைப்பது பூனைக்கு இயல்பல்ல. பயந்த பூனை கொஞ்சம் இரைக்கலாம், வண்டியைக் குளிர்வித்ததும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், ஈறு கடுஞ்சிவப்பாகத் தெரிந்தால், வெப்பத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போங்கள். மே மாத மத்தியானத்தில் தடுப்பூசிக்கு நேரம் வாங்குவதையே தவிர்த்துவிடலாம், விடிகாலையோ சாயங்காலமோ கேளுங்கள்.

பட்டுவின் விஷயத்தில் மருத்துவர் மாரோபிடன்ட்டும், கேரியர் பழக்கமும் சேர்த்துச் சொன்னார். கேரியர் முன்சீட்டுக்குப் பின்னால் தரைக்கு வந்தது. அடுத்த தடுப்பூசிக்குப் போனபோது தாடை மட்டும் லேசாக ஈரம், மார்பு காய்ந்தே இருந்தது. கத்தல் முழுதாக நிற்கவில்லை. கிளம்பிய முதல் சில நிமிஷம் இன்னும் கத்துகிறாள், பிறகு துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். இதைத்தான் வெற்றி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். காரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பூனையை எதிர்பார்த்துப் பழக்க ஆரம்பித்தால் ஏமாற்றம்தான்.

இவ்வளவு செய்தும் பயன்படாத பூனைகளும் உண்டு. அவற்றின் தடுப்பூசிக்கும் சாதாரணப் பரிசோதனைக்கும் வீட்டுக்கு வந்து பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், கட்டணம் சற்றுக் கூடும். கிளினிக்குக்கே போக வேண்டியிருந்தால், போன் செய்து நேரம் வாங்கும்போதே 'எங்க பூனைக்கு வண்டி ஒத்துக்காது, முன்னாடியே ஏதாவது குடுக்கலாமா டாக்டர்' என்று கேட்டுவிடுங்கள். கிளம்பும் நேரத்தில் கேட்டால், இங்கே சொன்ன எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரம் இருக்காது.